வயித்த அமுக்கிக்கிட்டே இருந்தாங்க, கடைசியில கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ஏன்?

மேல்கணக்கு · ஞாயிறு இரவு 9.12

சண்டை போட வரல. வெளங்கிக்கணும்னுதான் கேக்குறேன்.

என் சம்சாரத்துக்கு வயசு 31. இது மூணாவது புள்ள. 19 நாளைக்கு முந்தி, எங்களுக்குக் கிட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில ராத்திரி 11.40க்குப் பொறந்திச்சி. ஆம்பளப் புள்ள, 3.9 கிலோ. காலையில இருந்து வலி கூட்டுற ட்ரிப்லதான் வச்சிருந்தாங்க. 11.48க்கு நஞ்சும் முழுசா வந்திடுச்சின்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் ரத்தம் நிக்கல.

லேபர் ரூம்ல அவ அக்காவை மட்டும்தான் விட்டாங்க. அவங்க சொன்னது: மிட்வைஃப் கை வச்சி தேய்க்கும்போது வயிறு தேங்கா மாதிரி கெட்டியாகுது, கையை எடுத்தா அப்ப மாவு மாதிரி தளர்ந்துடுது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஊசி, ட்ரிப், குளிசைன்னு என்னென்னமோ. அப்புறம் உள்ளுக்கு ஏதோ பலூன் வச்சி ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. கிட்டத்து ஆஸ்பத்திரியிலயும் ஆபரேஷன் தியேட்டர் இருக்கு, ஆனா அந்த ராத்திரி மயக்க டொக்டர் இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது 2.05. தியேட்டருக்குள்ள போனவ விடியக்காலைலதான் வெளியே வந்தா. கர்ப்பப்பை இல்ல.

டயக்னோசிஸ் காட்ல இருக்கிறது: அடோனிக் பி.பி.எச், ரத்த இழப்பு 2.8 லீட்டர், கொண்டம் டம்பொனாட் ஃபெயில், பி-லிஞ்ச், சப்டோட்டல் ஹிஸ்டெரெக்டமி, ரத்தம் 6 பைக்கட். இவ்வளவு நேரம் தேய்ச்சதுக்குப் பதிலா முதல்லயே ஆபரேஷன் செஞ்சிருந்தா கர்ப்பப்பை மிஞ்சியிருக்குமா?

பழைய மிட்வைஃப் · ஞாயிறு இரவு 9.50

தம்பி, முதல்ல புள்ளயும் தாயும் வீட்டுல இருக்காங்களே, அது போதும். நான் 31 வருசம் லேபர் ரூம்ல நின்னவ. ஒன்னோட கேள்வியில ஒரு சின்னத் தப்பு இருக்கு. தேய்ச்சது நேரத்தைக் கடத்துறதுக்கு இல்ல.

நஞ்சு கழண்ட எடத்துல ரத்தக்குழாய் எல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கும். நெற மாசத்துல அந்தப் பைக்கு ஒரு நிமிசத்துக்கு அரை லீட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. அதை அடைக்கிறது மருந்தோ நூலோ இல்ல, பையோட தசைதான். தசை குறுக்கும் நெடுக்குமா ஓடுது, நடுவுல ரத்தக்குழாய் போகுது. தசை இறுகுனா குழாய் நெரிஞ்சிடும். இறுகாட்டி தொறந்த கொழாய்தான். அதுக்குத்தான் தொப்புளுக்குக் கிட்ட கையைக் குவிச்சி வச்சி வட்டமா தேய்க்கிறது.

தேய்க்கிற கைக்கு இன்னொரு வேலையும் இருக்கு, அதைத்தான் வெளியில யாரும் சொல்றதில்ல. கைக்குக் கீழ பை கல்லு மாதிரி இருந்தும் ரத்தம் வழியிதுன்னா கோளாறு பையில இல்ல, எங்கயோ கிழிஞ்சிருக்கு. அப்போ லைட்டைக் கிட்ட இழுத்து கீழ பாக்கணும், தேய்ச்சுக்கிட்டு இருந்தா புள்ளத்தாய்ச்சி போயிடுவா. பை மாவா இருந்தா இறுக்கம் இல்லாத கேஸ், காட்ல அடோனிக் பி.பி.எச்னு போட்டிருக்கிறது அதைத்தான். உன் சம்சாரத்தோட அக்கா சொன்னாங்களே, இறுகி இறுகித் தளருதுன்னு, அது ரெண்டாவது வகைதான். அந்த மாதிரி வந்தா நான் முதல்ல கேக்குறது ஒன்னுதான்: மூத்திரப்பை காலியா?

மேல்கணக்கு · ஞாயிறு இரவு 10.05

ஆமாங்கம்மா, டியூப் போட்டு மூத்திரம் எடுத்தாங்களாம். ஒரு கிட்னி ட்ரே நெறைய வந்திச்சின்னு அக்கா சொன்னாங்க. எனக்கு அதுதான் புரியல, ரத்தம் ஓடும்போது மூத்திரத்தை எதுக்கு எடுக்கணும்?

பழைய மிட்வைஃப் · ஞாயிறு இரவு 10.11

நெறைஞ்ச மூத்திரப்பை கர்ப்பப்பையை மேலயும் ஒரு பக்கமாவும் தள்ளிடும். தள்ளுனா அது சரியா சுருங்காது. சரியாத்தான் செஞ்சிருக்காங்க.

மருந்துக்கடை மாமா · திங்கள் காலை 7.40

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பையை இறுக்குற ஆக்ஸிடோசின் ஊசி வெப்பத்துக்குப் பழுதாகும், 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் வேலை செய்யாம இருந்திருக்கும், மருந்துக்குப் பவர் போயிருக்கும். அதுதான் பை இறுகல. நான் அடிச்சிச் சொல்றேன். இன்னொன்னு, புள்ளையை உடனே மாருல போட்டிருந்தா தானா சுருங்கியிருக்கும். எங்கம்மா காலத்துல அப்படித்தான்.

நைட் டியூட்டி · திங்கள் மதியம் 1.20

யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து வந்து மலையகத்தில வேலை செய்யிற டொக்டர் நான். பிள்ளைப்பேறு வார்டில கொஞ்சக் காலம் இருந்தனான்.

மாமா சொன்னதில பாதி சரி. ஆக்ஸிடோசின் வெப்பத்தைத் தாங்காது, அது உண்மை. ஆனா குளிரான நுவரெலியாப் பக்கத்தில ஒரு ராத்திரி கரண்ட் போனதால மருந்து சத்தில்லாமப் போச்சு எண்டு அடிச்சுச் சொல்லேலாது. இந்தக் கேசில வேற காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கு. காலையில இருந்து அதே ஆக்ஸிடோசினைத்தான் ட்ரிப்பில குடுத்திருக்கினம். நாள் முழுக்கத் தட்டின கதவு மாதிரி, கர்ப்பப்பைத் தசைக்கு அந்த மருந்து கேக்காமப் போயிடும். பிள்ளை 3.9 கிலோ, பை நல்லா இழுபட்டிருக்கும். நீண்ட பேறு, தசைக்குக் களைப்பு. இந்த மூண்டும் சேந்தாலே போதும்.

தாய்ப்பால் குடுக்கிறது நல்லதுதான், உடம்புக்குள்ள ஆக்ஸிடோசின் சுரக்கும். ஆனா ஓடுற ரத்தத்தை அது நிப்பாட்டாது.

அதாலதான் அடுத்தடுத்து வேற வழியால வேலை செய்யிற மருந்துகள். காட்டில மருந்துப் பேர் ஏதும் இருக்கா தம்பி?

மேல்கணக்கு · திங்கள் இரவு 8.30

காட்ல இல்ல. ஆனா ரெஃபர் பண்ண லெட்டரோட கொப்பி இருக்கு. சிண்டோ 40 யுனிட் ட்ரிப், எர்கோமெட்ரின் 0.5, மிசோ 800, டிரானெக்ஸாமிக் 1 கிராம் (12.10), பல்ஸ் 128, பிரஷர் 94க்கு 60 (12.25), ரத்தம் ஏறக்குறைய 1.1 லீட்டர்.

நைட் டியூட்டி · திங்கள் இரவு 9.15

நல்ல லெட்டர். எழுதினவருக்கு நன்றி சொல்லோணும்.

சிண்டோ எண்டது அதே ஆக்ஸிடோசின்தான். எர்கோமெட்ரின் பையைச் சட்டெண்டு இறுக்கிப் பிடிக்கும், ஆனா பிரஷர் கூடின தாய்க்குப் போடக்கூடாது. உங்கட சம்சாரத்துக்கு பிரஷர் இல்லாததாலதான் போட்டிருப்பினம். மிசோப்ரோஸ்டோல் 800 மைக்ரோகிராம் நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை, அதுக்குப் பிறகு நடுங்கிக் குளிரும். அக்கா பயந்திருப்பா. டிரானெக்ஸாமிக் அமிலம் பையை இறுக்கிற மருந்து இல்லை. கட்டின ரத்தக்கட்டி கரையாமல் பாதுகாக்கும், அவ்வளவுதான். ஆனா பிள்ளை பிறந்து 3 மணித்தியாலத்துக்குள்ள குடுத்தால்தான் பலன், பிந்தப் பிந்தக் குறையும். 2017இல வந்த பெரிய ஆராய்ச்சி காட்டினது இது. 11.40க்குப் பிறந்த பிள்ளை, 12.10க்குக் குடுத்திருக்கினம். அரை மணித்தியாலம். பிழை சொல்லேலாது.

நான் அந்த லெட்டரில பிடிக்கிற இடம் வேற. பல்ஸ் 128, மேல் பிரஷர் 94. சுகமான ஆளுக்கு பல்ஸ் எண் பிரஷர் எண்ணுக்குக் கீழ இருக்கும். பல்ஸ் பிரஷரைத் தாண்டினால் ரத்தம் நினைக்கிறதை விடக் கனக்கப் போயிட்டுது. 1.1 லீட்டர் எண்டு கண்ணால பாத்து எழுதினது. துணியிலயும் கட்டிலிலயும் தரையிலயும் போனது அதுக்குள்ள வராது. கண் மதிப்பு எப்பவும் குறைச்சுத்தான் காட்டும். கீழ விரிச்சு அளவு பாக்கிற பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் இது முன்னமே தெரிஞ்சிருக்கும். ஆப்பிரிக்காவில 4 நாடுகளில செய்து 2023இல வெளிவந்த ஆராய்ச்சியில, அந்த விரிப்பால அளந்து, கண்டவுடன மசாஜ், மருந்து, டிரானெக்ஸாமிக், ட்ரிப், கிழிவு பாக்கிறது எல்லாத்தையும் ஒண்டா செய்தவை. கடுமையான ரத்தப்போக்கு 60 வீதம் குறைஞ்சுது. ஒண்டு முடிய மற்றது எண்டு காத்திருக்கேல்லை, அதுதான் முக்கியம்.

லயத்துக் கிளி · திங்கள் இரவு 10.02

மன்னிக்கணும், நடுவுல கேக்குறேன். எங்க அண்ணிக்குக் கொழந்த பொறந்து 12 நாளு. நேத்து இருந்து திரும்பவும் ரத்தம் போகுது, கட்டி கட்டியா. வாடை வேற. லேசா காய்ச்சல். வயித்துல எண்ணெய் போட்டுத் தேய்ச்சி விடலாமா? எவ்வளவு நேரம் தேய்க்கணும்?

நைட் டியூட்டி · திங்கள் இரவு 10.09

தேய்க்க வேண்டாம் தங்கச்சி. இது வேற கேஸ். 12ஆம் நாளில வாடையோடயும் காய்ச்சலோடயும் வந்தால், நஞ்சின்ர துண்டு உள்ளுக்கு மிஞ்சியிருக்கலாம், கிருமி தொத்தியிருக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, விடியும்வரை வேண்டாம். வாகனம் இல்லாட்டி 1990 ஆம்புலன்சுக்கு அடியுங்கோ. கிளினிக் காட்டையும் எடுத்துக்கொண்டு போங்கோ.

லயத்துக் கிளி · செவ்வாய் காலை 6.15

வார்டுல எடுத்துட்டாங்க. ஸ்கேன்ல என்னமோ மிச்சம் இருக்குன்னாங்க. ஊசி போடுறாங்க.

மேல்கணக்கு · செவ்வாய் இரவு 8.40

அந்தத் தங்கச்சி அண்ணிக்குச் சுகமாகட்டும். டொக்டர், பலூன் வச்சது எதுக்கு? அது ஃபெயில்னு போட்டிருக்காங்களே, அப்போ வச்சதே வீணா?

நைட் டியூட்டி · செவ்வாய் இரவு 11.30

பலூன் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. மூத்திர டியூப்பின்ர நுனியில ஒரு கொண்டத்தை நூலால கட்டி, பைக்குள்ள வச்சு, சேலைன் 300, 400 மில்லி விட்டு ஊதுறது. உள்ளுக்கு இருந்து ரத்தக்குழாய்களை அமுக்கிப் பிடிக்கும். வங்காளதேசத்தில சாயேபா அக்தர் எண்ட டொக்டர் விலை கூடின பலூனுக்குப் பதிலாக் கொண்டு வந்த முறை இது. பலூன் தயாராகும்வரை ஒரு கையை முட்டியாக உள்ளுக்கு வச்சு, மற்றக் கையால மேல இருந்து பையைச் சேத்து அமுக்குவம். செய்யிற ஆளின்ர கை 10 நிமிசத்தில மரத்துப் போகும்.

பலூன் பாதி நிப்பாட்டியிருந்தாலும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல அந்த வளைவுப் பாதையில அவவை உயிரோட கொண்டு வந்து சேத்திருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா நேர்மையாச் சொல்லோணும், பலூனைப் பற்றி டொக்டர்மாருக்குள்ளயே ஒருமிச்ச கருத்து இல்லை. தியேட்டரும் ரத்தமும் கிட்ட இல்லாத இடத்தில பலூனை நம்பிக் காத்திருந்தால் கேடு கூடும் எண்டு சொல்லுறவை இருக்கினம். வச்ச கையோட அனுப்பினது சரி.

தியேட்டரில நடந்தது காட்டிலயே இருக்கு. முதலில மயக்கம் குடுத்துக் கிழிவு இருக்கா, துண்டு மிஞ்சியிருக்கா எண்டு பாத்திருப்பினம். இல்லை எண்டான பிறகு வயித்தைத் திறந்து, பையை வெளிய எடுத்து ரெண்டு கையாலயும் நெரிச்சுப் பாக்கிறது. நெரிக்கும்போது கீழ ரத்தம் நிண்டால், கைக்குப் பதிலா நூல் போட்டாலும் நிக்கும். அந்த நூல்தான் பி-லிஞ்ச், கால்சட்டைக்குப் போடுற தோள்பட்டி மாதிரிப் பையை மேலால சுத்தி இறுக்குறது. 1997இல கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் எழுதினது. நூல் தானாக் கரைஞ்சிடும், பிறகும் பிள்ளை பெறலாம். அதால அது பிடிச்சிருந்தால் உங்கட கேள்விக்கே இடமில்லை.

பிடிக்கேல்லை. ஏன் எண்டு காட்டில எழுதேல்லை. ஆனா 2.8 லீட்டர் போன தாய்க்கு ரத்தம் உறையிற சத்தும் சேந்தே போயிடும். சேலைன் நிறைய ஏத்தினால் மிஞ்சினதும் தண்ணியாகும். உடம்பு குளிர்ந்தால் இன்னும் மோசம். பை இறுகியிருந்தாலும் தையல் போட்ட ஊசித் துளையில இருந்தே ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில பையைக் காப்பாத்தப் பாக்கிறவை தாயைத் தொலைச்சிடுவினம்.

ஹட்டன் பஸ் · புதன் காலை 8.05

டொக்டர் சொல்றது எல்லாம் சரி. ஆனா மயக்க டொக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில நாள் முழுக்க ட்ரிப் போட்டு வலி கூட்டியிருக்காங்க. அந்தக் கேள்வியை யாரும் கேக்கல. இருந்திருந்தா 12.30க்கே வயித்தைத் தொறந்திருக்கலாம். இது மலைநாட்டுக்கு மட்டும் வர்ற விதியா?

நைட் டியூட்டி · புதன் மாலை 5.50

அந்தக் கேள்வி சரி. நான் பதில் சொல்லேலாது. 12.30க்குத் திறந்திருந்தால் பி-லிஞ்ச் பிடிச்சிருக்கலாம், ரத்தம் அப்ப உறைஞ்சிருக்கும். பிடிச்சிருக்காமலும் போயிருக்கலாம்.

பழைய மிட்வைஃப் · புதன் மாலை 6.30

அந்த டியூட்டியில நின்ன மிட்வைஃபைக் குறை சொல்லாம ஹட்டன் தம்பி கேட்டதுக்குச் சந்தோசம். மேல்கணக்கு தம்பி, இப்ப சம்சாரம் எப்படி இருக்கா? பால் ஊறிச்சா?

மேல்கணக்கு · புதன் இரவு 9.20

அம்மா, நீங்களே கேட்டுட்டீங்க. பால் வரல. முதல் ரெண்டு புள்ளைக்கும் மூணாம் நாளே கட்டிக்கிச்சி. இந்தப் புள்ளைக்கு இன்னைக்கு 22 நாள், சொட்டுக்கூட இல்ல, பால் மாவுதான். எந்நேரமும் படுத்தே இருக்கா. குளிருதுன்னு ரெண்டு கம்பளி. எங்கம்மா, கர்ப்பப்பை போனா பாலும் போயிடும், பலமும் போயிடும்ங்குறாங்க. ரத்தம் போன களைப்புன்னு நான் நெனச்சேன். இரும்புக் குளிசை குடுத்திருக்காங்க.

நைட் டியூட்டி · புதன் இரவு 10.40

தம்பி, இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ.

கர்ப்பப்பைக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை. அம்மாவிட்டச் சொல்லுங்கோ. பாலைச் சுரக்க வைக்கிறது மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரி எண்ட சுரப்பி. கர்ப்ப காலத்தில அது பெருத்திருக்கும், நிறைய ரத்தம் கேக்கும். பிரஷர் விழுந்து கனநேரம் கிடந்தால் அதில ஒரு பகுதி செத்துப் போகலாம். ஷீஹன் எண்ட டொக்டரின்ர பேரில அழைக்கிறவை. அப்பிடி ஆனால் முதல் அடையாளமே பால் வராததுதான். பிறகு களைப்பு, குளிர் தாங்காமை. வழமையா இன்னொரு அடையாளம் இருக்கும், மாதவிடாய் திரும்பி வராது. உங்கட சம்சாரத்துக்குக் கர்ப்பப்பையே இல்லாததால அந்தத் துப்பு கிடைக்காது. அதாலதான் நான் இதை விடாமச் சொல்லுறன்.

அதுதான் எண்டு சொல்லேல்லை. ரத்தம் குறைவாலயும் பால் பிந்தலாம், களைப்பும் வரும். ஆனா ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. கிளினிக்கில, காலையில கோர்ட்டிசோல், தைரொயிட், புரோலக்டின், ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. தைரொயிட்டில டி.எஸ்.எச் மட்டும் பாத்தால் இந்த நோயில நல்லா இருக்கிற மாதிரிக் காட்டும், ஃப்ரீ டி4உம் வேணும். கோர்ட்டிசோல் பாக்காமல் தைரொயிட் குளிசை தொடங்கினால் ஆபத்து. அதுக்கிடையில வாந்தியோ காய்ச்சலோ மயக்கமோ வந்தால் நிக்காமல் நேர ஆஸ்பத்திரி.

பழைய மிட்வைஃப் · புதன் இரவு 11.02

இரும்புக் குளிசையை தேத்தண்ணியோட குடிக்கிறாளா? சாயம் இரும்பை ஒடம்புல சேர விடாது. ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லு. புள்ளையை மாருல போட்டுக்கிட்டே இருக்கச் சொல்லு, ரிசல்ட் வர்றவரைக்கும் நிறுத்த வேணாம். ஆனா பால் மாவையும் கொறைக்காதே, புள்ள வயித்தை முதல்ல பாரு.

அப்புறம் அது சப்டோட்டல்னு போட்டிருக்கு, கழுத்துப் பகுதி மிச்சம் இருக்கு. சுகநல கிளினிக்குல கழுத்துப் பகுதிப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டா, "எனக்குத்தான் கர்ப்பப்பை இல்லையே"ன்னு வீட்டுல உக்காந்துட வேணாம்.

மருந்துக்கடை மாமா · வியாழன் காலை 7.15

ஃப்ரிட்ஜ் விசயத்தை அவசரத்துல சொல்லிட்டேன். தேத்தண்ணி விசயம் எனக்குத் தெரியும், கடையில எல்லாருக்கும் சொல்றேன், யாரும் கேக்குறதில்ல.

மேல்கணக்கு · வெள்ளி இரவு 7.55

இன்னைக்கு விடியக்காலை 5 மணி பஸ்ல போனோம். லெட்டர் கொப்பியையும் காட்டையும் கிளினிக் டொக்டர்கிட்ட குடுத்தேன். பால் வரலன்னு சொன்னதும் எழுதிக்கிட்டு இருந்தவர் பேனையை வச்சிட்டு நிமிந்து பாத்தார். 8 மணிக்கு ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் மட்டும் இன்னைக்கே வந்திடுச்சி, 9.8. மத்தது அடுத்த வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் காய்ச்சல் வந்தா உடனே வார்டுக்கு வரச் சொல்லி காட்ல எழுதிக் குடுத்திருக்காங்க.

ஹட்டன் பஸ் கேட்ட கேள்வியை நான் இன்னும் விடல. பெரிய ஆஸ்பத்திரி டொக்டர்கிட்டயே ஒரு நாள் கேக்கலாம்னு இருக்கேன். இன்னைக்குக் கேக்க வாய் வரல.